எங்கே இறங்கணும், எந்த ஊரு

ரயிலில் இப்போதெல்லாம் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்ற புலம்பலை ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஏதேனும் ஒரு சிற்றிதழில் வாசிக்க நேர்கிறது. கட்டுரைகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் காலத்தில் கூஜாவும் புளிசாதமும் இருந்தன, எதிர் இருக்கைக்காரர் மதுரை வருவதற்குள் உறவினராகிவிட்டார், இன்று எல்லோரும் கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தனித்தீவுகளாக அமர்ந்திருக்கிறார்கள், மனிதம் செத்துவிட்டது. எழுதுகிறவர்கள் நல்லவர்கள், சிலர் என் நண்பர்கள். ஆனால் ஒரு சிறு விஷயத்தைக் கவனிக்க அவர்கள் மறுக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரரோடு பேசுவதா வேண்டாமா என்று யோசிக்கவே அவசியமில்லாத ஒருவருடைய நினைவுகள் இவை. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதால் எதையும் இழக்காதவர் அவர்.

நான் விருதுநகர்க்காரன். ஆகவே இதை எங்கள் ஊர்ப் பக்கத்தை வைத்தே பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பொதிகை விரைவு வண்டியில் சென்னையிலிருந்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரவில் கிளம்பி விடியுமுன் விருதுநகரைத் தொட்டு, அங்கிருந்து தென்காசிப் பாதையில் திரும்பி, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் வண்டி. இந்த வண்டியில் பேச்சுக்கு வாய்ப்பு அதிகம் கிடையாது. நடுப்படுக்கையை இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை விரித்துக்கொள்ளலாம் என்பது ரயில்வேயின் விதி (2017-க்கு முன் ஒன்பது மணி). படுக்கை விரிந்துவிட்டால் கீழே யாரும் நிமிர்ந்து உட்கார முடியாது, பேச்சும் அத்தோடு முடிந்தது. ஆக, பேசுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க செங்கல்பட்டைத் தாண்டும்வரை நேரம் இருக்கிறது, அவ்வளவே.

எதிரே இருபத்திரண்டு வயதுக்குள் ஒரு இளைஞன். நான்தான் ஆரம்பித்தேன்.

"தம்பி எங்கே இறங்கணும்?"

"சிவகாசி சார்."

பக்கத்து ஊர் என்ற சந்தோஷத்தில், "சிவகாசியில எங்க?" என்றேன்.

"பஸ் ஸ்டாண்ட் பக்கம்."

"பஸ் ஸ்டாண்ட் பக்கம்னா?"

"வாடகை வீடு சார். சொந்த ஊரு சாத்தூர் பக்கம்."

பக்கவாட்டுப் படுக்கையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர் அதுவரை சும்மா இருந்தார். சாத்தூர் என்றதும் திரும்பினார். "சாத்தூர் பக்கம்னா எந்த ஊருப்பா? அப்பா என்ன பண்றாரு? குலசாமி எங்க?"

பையன் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து காதில் மாட்டும் ஒயரை எடுத்து இரண்டு காதிலும் செருகிக்கொண்டு கண்களை மூடிக்கொண்டான். பெரியவர் என்னைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பசங்க மனுசங்களோட பேசுறதே இல்ல" என்றார். நான் தலையாட்டினேன். அப்போதுதான் கவனித்தேன். ஒயரின் மறுமுனை எதிலும் செருகப்படாமல் அவன் மடியில் கிடந்தது. அவன் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நாங்கள் பேசியதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

கைபேசி மனிதர்களைப் பிரித்துவிட்டது என்கிற கட்டுரைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செருகப்படாத ஒயர் ஞாபகம் வந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் பயணத்தின்போது கேட்கப்படும் முதல் கேள்விகள் இரண்டு வகை. "எங்கே இறங்கணும்?" என்பது ஒன்று. "எந்த ஊரு?" என்பது மற்றது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றல்ல. முதலாவது பயணத்தைச் சேர்ந்த கேள்வி. அதற்குப் பயன் உண்டு. நெரிசலான பேருந்தில் நிற்பவருக்கு, உட்கார்ந்திருப்பவர் திருமங்கலத்தில் எழுந்துவிடுவாரா என்று தெரிய வேண்டியிருக்கிறது. இரவு வண்டியில் விடியுமுன் இறங்க வேண்டியவருக்கு, எழுப்பிவிட ஒரு ஆள் தேவை. அந்தக் கேள்விக்கான பதில் இருவரும் இறங்கியதும் காலாவதியாகிவிடும். இரண்டாவது கேள்வி பிறப்பைச் சேர்ந்தது. அதற்கான பதில் எந்த நிலையத்திலும் இறங்காது.

ஊரைச் சொன்னதோடு அது நிற்பதும் இல்லை. ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, யார் மகன், குலசாமி எங்கே என்று படிப்படியாக இறங்குகிறது. சென்னைக்காரருக்கு இது புரியாமல் போகலாம். தெருவைச் சொன்னால் என்ன தெரிந்துவிடும்? எங்கள் கிராமங்களில் எல்லாம் தெரிந்துவிடும். கீழத்தெரு, மேலத்தெரு, காலனி, கண்மாய்க்கரை என்ற பெயர்களுக்குள் யார் எங்கே வசிக்கலாம் என்பது தலைமுறைகளாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. தெரு தெரிந்தால் சாதி தெரியும். தெருவை மழுப்பினால் குலசாமி காட்டிக்கொடுத்துவிடும். சாதியை நேரடியாகக் கேட்பது நாகரிகமில்லை என்று நம்பும் ஒரு சமூகம் கண்டுபிடித்துக்கொண்ட சுற்றுவழி இது.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் பாமாவின் 'கருக்கு' நாவலை மறுபடியும் எடுத்துப் பார்க்கலாம். 1992-இல் வந்த அந்தத் தன்வரலாற்று நாவலைப் பற்றி நம் இதழ்களில் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. மொழி, வடிவம், தலித் அழகியல் என்று எல்லாம் பேசப்பட்டுவிட்டன. அதில் வரும் பேருந்து இருக்கையைப் பற்றி மட்டும் நம் பயணக் கட்டுரையாளர்கள் ஒரு வார்த்தையும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. பாமா வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டிக்காரர், அதாவது இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்காரர். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பேருந்தில் பக்கத்தில் வந்து அமரும் மேல்சாதிப் பெண் எந்த ஊர் போகிறாய் என்று கேட்பாள், அடுத்து எந்தத் தெரு என்பாள். சேரி என்று பதில் வந்ததும் எழுந்து வேறு இடம் பார்ப்பாள், அல்லது இவரை எழுந்து போகச் சொல்வாள். பாமா எழுந்திருப்பதில்லை. இருக்கையில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொள்கிறார். கேட்டவள் ஊர்வரை நின்றுகொண்டே வருகிறாள். தெருவைக் கேட்பது சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் என்பதை அதே நூல் அண்ணன் தொடர்பான இன்னொரு சம்பவத்தில் வெளிப்படையாகவே சொல்கிறது. அவரும் மழுப்புவதில்லை. கேட்டவரின் முகத்துக்கு நேராகப் பதிலைச் சொல்கிறார்.

இந்தக் காட்சியில் பேருந்துப் பேச்சு நடக்கிறது. சகபயணி ஆர்வத்தோடு விசாரிக்கிறாள். யார் கையிலும் கைபேசி இல்லை. புலம்பல் கட்டுரைகளின் பொற்காலம் இதுதான்.

இதற்கு முன்னோட்டமும் பின்னோட்டமும் எங்கள் மாவட்டத்திலேயே உண்டு. 1920-களின் இறுதியில் விருதுநகரும் சிவகாசியும் இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. தனியார் பேருந்துகள் பல ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தன. அப்போது ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். சென்னை பாண்டி பஜார் இவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது, அங்கே சட்டை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு விஷயம். அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று அவர் உத்தரவிட்டார். ஆக, எங்கள் பக்கத்தில் ஒருவர் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்வதற்கே ஓர் அரசாணை தேவைப்பட்டது. உட்கார்ந்தவர்களுக்கிடையே என்ன பேச்சு நடக்கும் என்பதை எந்த ஆணையும் சொல்ல முடியாது. வண்டியில் ஏறுவதைத் தடுக்க முடியாமல் போனபின், தடுப்பு பேச்சுக்குள் நுழைந்துகொண்டது என்பது என் ஊகம்.

பின்னோட்டம் 1997. விருதுநகர் மாவட்டத்தில் புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றைத் தொடங்கி அதற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியது அரசு. கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திர குலத்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள் மற்ற சில சாதியினர். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. அந்த ஆண்டு ஜூலையில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. 1985 முதல் காமராசர் மாவட்டமாக இருந்த எங்கள் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்படித்தான். வண்டியின் பக்கவாட்டில் எழுதிய ஒரு பெயரைத் தாங்க முடியாத ஊரில், வண்டிக்குள் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் பெயரும் தெருவும் வெறும் தகவல்கள்தானா? நண்பர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

சிவகாசிக்காரர்களுக்கு இதில் ஒரு விநோதமான சலுகை இருக்கிறது. மதுரைக்கு வடக்கே சிவகாசி என்று சொன்னால் அது ஊரின் பெயராகவே கேட்கப்படுவதில்லை, சரக்கின் பெயராகக் கேட்கப்படுகிறது. கேள்வி உடனே தெருவிலிருந்து விலகிப் பட்டாசுக்குத் தாவிவிடும். மொத்த விலைக்குக் கிடைக்குமா, பச்சைப் பட்டாசு நிஜமாகவே புகை விடாதா, ரயிலிலேயே ஒரு பெட்டி கொண்டுவந்துவிட முடியாதா? (முடியாது. ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறை.) எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் இந்தப் பட்டாசுப் பேச்சை முகமலர்ச்சியோடு வளர்த்துக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். ஊர்ப்பெருமை என்று நினைத்தேன். அடுத்த கேள்வி வராமல் இருக்கப் போடும் வேலி என்பது வெகு தாமதமாகத்தான் எனக்கு விளங்கியது. அந்த வேலியும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு சிவகாசி என்று சொன்ன மாத்திரத்தில், "நீங்க அப்ப அங்க இருந்தீங்களா? பார்த்தீங்களா?" என்று ஆவலோடு கேட்பவர்களும் முளைத்தார்கள். யாரை இழந்தவரிடம் கேட்கிறோம் என்ற தயக்கம்கூட அவர்களுக்கு இல்லை.

இனி மறுப்புகள். "நான் சாதியை மனதில் வைத்துக் கேட்கவில்லை, தெரிந்தவர் யாராவது அந்த ஊரில் இருப்பார்கள் என்றுதான் கேட்டேன்" என்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வெள்ளந்தியான ஆர்வமும் விசாரணையும் ஒரே வார்த்தைகளைத்தான் பயன்படுத்துகின்றன. கேட்கப்படுபவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அவர் கையில் இருக்கும் ஒரே அளவுகோல், தான் வேண்டுமென்றே பொதுவாகச் சொல்லும் பதிலுக்கு என்ன எதிர்வினை வருகிறது என்பது. 'சாத்தூர் பக்கம்' என்று ஒருவர் சொல்வது ஊர் தெரியாமல் அல்ல. அது ஒரு கதவை மெதுவாகச் சாத்துவது. அத்தோடு நின்றுவிட்டால் ஆர்வம். 'பக்கம்னா?' என்று தள்ளினால் விசாரணை. இந்த அளவுகோலின்படி அன்று முதலில் விசாரணை செய்தவன் நான். பெரியவர் எனக்குப் பின்னால்தான் வந்தார்.

"அப்படியானால் நாமே முதலில் நம் ஊரைச் சொல்லிவிட்டால் போகிறது, சமமாகிவிடும்" என்று ஒரு நண்பர் சொன்னார். ஆகாது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். "நமக்கு இன்ன ஊரு, அங்க பூராவும் நம்ம ஆளுகதான்" என்று ஆரம்பிப்பார்கள். அது பகிர்தல் மாதிரித் தெரியும். உண்மையில் சீட்டைக் கீழே போட்டுவிட்டு உன் சீட்டைக் காட்டு என்று காத்திருப்பது.

பெண்கள் இந்த விவாதத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். பக்கத்தில் அமர்பவர் என்ன கேட்பார், எதுவரை பதில் சொல்லலாம், எப்போது ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்ற கணக்கைப் போடாமல் அவர்கள் எந்தக் காலத்திலும் பயணம் செய்ததில்லை. ஆம்னி பேருந்துகளின் முன்பதிவுப் படத்தில் பெண் அமர்ந்த இருக்கையைத் தனி நிறத்தில் காட்டி, பக்கத்து இருக்கையை ஆண் பதிவு செய்ய முடியாதபடி வைத்திருப்பது அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதுதான். சகபயணியோடு பேசாத பெண்ணை மனிதம் அற்றவள் என்று யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அவளுக்குக் காரணம் இருக்கும் என்று புரிகிறது. எதிர் இருக்கைப் பையனுக்கும் காரணம் இருக்கலாம் என்பது ஏன் புரியமாட்டேன் என்கிறது?

ஆனால் 'பேசாமல் இருப்பதே விடுதலை' என்று எதிர்முகாமில் நின்று கொடிபிடிக்கவும் எனக்கு விருப்பமில்லை. மௌனம் அந்தப் பையனுக்கு ஒரு கவசம், சரி. ஆனால் அதை அணிய வேண்டியவன் அவன் ஒருவனாகவே இருக்கிறான். கேட்கிறவன் கவசமில்லாமல் காலை நீட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறான். பாமா மௌனம் சாதிக்கவில்லை, பதிலையும் மறைக்கவில்லை, இடத்தையும் விடவில்லை. அந்தத் துணிச்சலை எல்லோரிடமும் எதிர்பார்க்க நமக்கு உரிமை கிடையாது. மாறவேண்டியது கேட்பவரின் பழக்கம்தான்.

அது முடியாத காரியமும் அல்ல. ஒரு ஐப்பசி மாதம் சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு வரும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். ஏறும்போது ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்பது தெரிந்தது. ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "மேற்க கருக்கலா இருக்கு" என்றாள். அவ்வளவுதான், அங்கிருந்து ஊர்வரை பேச்சு. பட்டாசு வேலையில் மழை என்பது வானிலை அல்ல, கூலி. மருந்து செலுத்திய சரக்கை வெயிலில் காயப்போட வேண்டும். மேகம் மூடினால் காய்ச்சல் நின்றுபோகும். இடி மின்னல் என்றால் மருந்தறையில் யாரும் இருக்கக் கூடாது, வெளியேறிவிட வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்களுக்கு அன்றைய வேலை அந்த நிமிடத்தோடு போயிற்று. அந்த வாரம் எத்தனை நாள் வேலை போனது, முன்பணத்தில் எவ்வளவு கழித்தார்கள், கைவிரலில் ஒட்டிய மருந்துக்கறை எதைப் போட்டால் போகும் என்றெல்லாம் பேசினார்கள். விரலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டும் பார்த்துக்கொண்டார்கள். அரைமணி நேரத்துக்கு மேல் நீண்ட அந்தப் பேச்சில் "எந்த ஊரு" என்ற கேள்வி ஒருமுறைகூட வரவில்லை. மறந்துபோனார்களா, தவிர்த்தார்களா என்று என்னால் சொல்ல இயலாது. தவிர்த்திருந்தால், இருவருமே அந்தக் கலையில் தேர்ந்தவர்கள். விருதுநகரில் இறங்கி ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

நம் கட்டுரையாளர்கள் ஏங்கும் பேச்சு இதுவாக இருக்குமானால் எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. மேகத்தைப் பற்றியோ, கையில் இருக்கும் பையைப் பற்றியோ, வண்டி ஏன் இந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பற்றியோ யாரும் யாரிடமும் பேசலாம். எதிரே இருப்பதைப் பற்றிப் பேச எதிரே இருப்பவரின் பூர்வீகம் வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய கட்டுரைகளில் எதிர் இருக்கைக்காரர் 'உறவினராக' வேண்டியிருக்கிறது. உறவு என்ற சொல் எங்கள் பக்கத்தில் எதைக் குறிக்கிறது என்பதை நான் விளக்க வேண்டுமா?

அந்த இரவுக்குத் திரும்புகிறேன். பத்து மணிக்கு நடுப்படுக்கையை விரித்தோம். பையன் மறுபக்கத்துச் சங்கிலியை மாட்டிக் கொடுத்தான், காதில் ஒயர் இருந்தபடியே. படுக்குமுன் நான் பொதுவாக, விருதுநகரில் இறங்க வேண்டும், தூங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றேன். பெரியவர் காதில் விழவில்லை. பையனும் எதுவும் சொல்லவில்லை.

இன்னும் இருட்டாக இருந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். "சார், விருதுநகர் வருது." அவன்தான். அவனுக்கு இறங்க இன்னும் நேரம் இருந்தது. எனக்காக விழித்திருந்தானா, தற்செயலா என்று தெரியவில்லை. பையை எடுத்து என்னிடம் நீட்டினான். பெயரைக் கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. எங்கள் பக்கத்தில் பெயரும் சில சமயம் ஒரு தெருதான். "தேங்க்ஸ் தம்பி, மழை வர்ற மாதிரி இருக்கு" என்றேன்.

"ஆமா சார்," என்று ஜன்னல் கதவைக் கொஞ்சம் தூக்கி வெளியே பார்த்தான். "காத்து அப்படித்தான் அடிக்குது."